தொண்ணூறு விநாடி ரீல், பன்னிரண்டு பக்க டெக்

நான் படத்தொகுப்பாளன். குறும்படம், விளம்பரம், கல்யாண வீடியோ என்று எல்லாமே வெட்டியிருக்கிறேன். என் அறைக்கு ஒரு நண்பர் வெப் சீரிஸ் யோசனை ஒன்றோடு வந்தார். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் எடுக்க வருகிறவர்கள் அவசரத்தில் நகலை எடுத்துக்கொண்டு, ஒரிஜினலை மெஷினின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போகும் கடைக்காரப் பெண் அந்தக் குடும்பத்தின் சிக்கலுக்குள் போய் நிற்பாள். தலைப்பு, ‘ஒரிஜினல் எங்கே?’

கேட்டவுடனே பிடித்துவிட்டது. பெரிய ஓடிடி நிறுவனங்களின் கதவு அவருக்குத் திறக்காது என்பது அவருக்கே தெரியும். அதனால் ஒரு சிறிய சாட்டிலைட் சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் நேரம் வாங்கியிருந்தார். அங்கே கொண்டுபோக இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று சிசில் ரீல், இன்னொன்று பிட்ச் டெக். இரண்டையும் முதல் தடவை தவறாகச் செய்தோம். அந்தத் தவறிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, ஆங்கிலத்தில் அதுதான் சிசில். இன்னும் எடுக்காத ஒரு தொடர் எப்படி இருக்கும் என்பதை ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் காட்டும் வீடியோதான் சிசில் ரீல். டிரெய்லர் வேறு. அது எடுத்து முடித்த படத்திலிருந்து வெட்டுவது. பைலட்டும் வேறு. அது முழுதாக எடுத்த ஒரு எபிசோடு. பிட்ச் டெக் என்பது கதை, பாத்திரங்கள், எபிசோடுகள், செலவு எல்லாவற்றையும் பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் சொல்லும் கோப்பு. சந்திப்பில் திரையில் ஓடும், சந்திப்பு முடிந்த பிறகு அவர்கள் கையிலேயே தங்கிவிடும்.

எங்கள் முதல் ரீல் மூன்று நிமிடம் இருந்தது. நாங்கள் எடுத்த காட்சி அதில் மிகக் குறைவு. பழைய தமிழ்ப் படங்களிலிருந்து அரசு அலுவலகக் காட்சிகள், மலையாளப் படங்களிலிருந்து மழை, இணையத்தில் கிடைத்த டிரோன் ஷாட்டுகள், மேலே ஒரு புகழ்பெற்ற பின்னணி இசை. பார்க்க நன்றாகவே இருந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பொறுமையாக முழுவதும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “நல்லா இருக்கு சார். இதுல உங்களோடது எது?”

பிறருடைய படங்களை வெட்டி ஒட்டி யோசனையை விற்பது தவறான வழி என்று சொல்லவில்லை. உலகறிந்த உதாரணமே இருக்கிறது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள், அது ‘மான்டாக்’ என்ற பெயரில் வெறும் யோசனையாக இருந்தபோது, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பழைய படங்களின் காட்சிகளைக் கோத்து ஒரு மாதிரி டிரெய்லர் செய்தார்கள். கூடவே, பழைய ஸ்டீபன் கிங் நாவலின் அட்டையைப் போலத் தோற்றம் தரும் ஒரு பிட்ச் புத்தகமும் தயாரித்தார்கள். பல சேனல்கள் மறுத்த பிறகு நெட்ஃப்ளிக்ஸ் ஏற்றது. 2016இல் தொடர் வெளியானது.

அவர்களுக்குப் பலித்தது எங்களுக்கு ஏன் பலிக்கவில்லை? காரணம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள். ‘இது எந்த மாதிரி உணர்வு தரும்?’ என்று தெரிந்தால் பெரிய நிறுவனத்துக்குப் போதும். அதை எடுத்து முடிக்கும் ஆளையும் பணத்தையும் அவர்களே ஏற்பாடு செய்துகொள்வார்கள். சிறிய சேனலுக்கு அந்த வசதி இல்லை. பணமும் தராது, குழுவும் தராது. ஆகவே அந்த மனிதருடைய மனதில் ஓடும் கேள்வி, ‘இவர்களால் இதை எடுத்து முடிக்க முடியுமா?’ என்பதுதான். ஹாலிவுட் துண்டுகளை எவ்வளவு அழகாகக் கோத்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

அமெரிக்காவின் ஐஎஃப்சி என்ற சிறிய கேபிள் சேனலில் 2011இல் ‘போர்ட்லேண்டியா’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. அதை உருவாக்கிய ஃப்ரெட் ஆர்மிசனும் கேரி பிரவுன்ஸ்டீனும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ‘தண்டர்ஆண்ட்’ என்ற பெயரில் இணையத்துக்காகச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்துவந்தவர்கள். தொடரின் விதை அந்த வீடியோக்கள்தான். சிறிய சேனல் ஒன்றை நாடிப் போகிறவர்கள் டஃபர் சகோதரர்களைவிட இவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இரவல் காட்சிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூடிய அறையில் நான்கு பேருக்குக் காட்டும்வரை பெரும்பாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதே ரீலை யூடியூபில் ஏற்றினால் காட்சிக்கும் இசைக்கும் உரிமையாளர்கள் உரிமை கோருவார்கள். சேனல் அதைத் தன் விளம்பரதாரரிடம் அனுப்பிக் காட்ட நினைத்தாலும் அனுப்ப முடியாது. சிறிய சேனலில் முடிவெடுப்பது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மட்டுமல்ல. விளம்பரப் பிரிவுக்காரர் அதைத் தன் செல்போனில் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடை முதலாளியிடம் போய்க் காட்டுவார். அப்படிக் கை மாறக்கூடிய ரீலாக இருக்க வேண்டும்.

இரண்டாவது ரீலை ஒரே நாளில் எடுத்தோம். நண்பரின் உறவினர் நடத்தும் ஜெராக்ஸ் கடை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. ஒரு கேமரா, இரண்டு விளக்கு, சட்டையில் மாட்டும் மைக் இரண்டு, நாடகக் குழுவிலிருந்து நான்கு நடிகர்கள். எபிசோடு எதையும் எடுக்கவில்லை. தொடரில் வாராவாரம் திரும்பத் திரும்ப என்ன நடக்கும் என்பதை மட்டும் எடுத்தோம்.

இப்படித் தொடங்குகிறது. கறுப்புத் திரை. ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் ஒரு கோடாக இடமிருந்து வலம் போகிறது, அந்தச் சத்தத்தோடு. ஒரு கை நகலை உருவிக்கொண்டு போகிறது. கடைக்காரப் பெண் மூடியைத் தூக்குகிறாள். கண்ணாடிமேல் ஒரு இறப்புச் சான்றிதழ். அவள் வாசலுக்கு ஓடுகிறாள், ஆளைக் காணோம். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள். ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். “ஆதார் ஒரு காப்பி எடும்மா.” அவள் அட்டையை வாங்கிப் பெயரைப் பார்க்கிறாள். சான்றிதழைப் பார்க்கிறாள். பெரியவரைப் பார்க்கிறாள். செத்துப்போனதாகச் சான்றிதழில் இருப்பவர் அவர்தான்.

இதுவரை முப்பது விநாடி. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இந்த இடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். முதல் அரை நிமிடத்துக்குள் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி விழவில்லை என்றால் மீதி ஓடும்போது அவர்கள் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்த நாற்பது விநாடிதான் ரீலின் உயிர். மூடி மறுபடி மறுபடி திறக்கிறது. கண்ணாடிமேல் ஒருமுறை அடகு ரசீது, ஒருமுறை பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஒருமுறை இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிய கையெழுத்துப்போடாத ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரே ஒரு வசனம். அந்த மார்க் ஷீட்டைத் தேடிவரும் பையன், “அக்கா, எங்கப்பாகிட்ட மட்டும் காட்டிடாதீங்க” என்கிறான். கதை எதுவும் விளக்கப்படவில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு ஒன்று புரிந்துவிடுகிறது: இந்த மெஷின் இருக்கும்வரை கதை தீராது. கடைசி இருபது விநாடியில் மறுபடியும் பெரியவர். “அது என்னுதுதாம்மா. எம் மகன் வாங்கினது.” தலைப்பு. முடிந்தது.

மொத்தம் தொண்ணூறு விநாடி. பின்னணிக் குரல் இல்லை. ‘ஒரு கடை... பல கதைகள்...’ என்று திரையில் எழுத்து ஓடவில்லை. நான் முதலில் அப்படி ஒரு வரி போட்டிருந்தேன். படம் சொல்லிவிட்டதை எழுத்து இன்னொரு தடவை சொல்வதைப் பார்த்து நீக்கிவிட்டேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சேனல்காரர்கள் மன்னிப்பார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் மன்னிக்க மாட்டார்கள். பார்க்கும்போது ‘புதுப் பசங்க’ என்ற தீர்ப்பு அங்கேதான் விழும். கடையில் யாரும் பேசாத அரை நிமிடத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். வசனங்களுக்கு இடையே வெட்டும் இடங்களில் அந்த அமைதியை நிரப்பினால்தான் வெட்டு காதில் உறுத்தாது. முடித்த பிறகு என் அறையின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டதோடு விடாமல் லேப்டாப்பிலும் செல்போனிலும் போட்டுக் கேட்டேன். சேனல் அலுவலகத்தில் அதில்தான் ஓடும். பென்டிரைவில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று என்று மூன்று பிரதி கொண்டுபோனோம். வைஃபையை நம்பவில்லை.

ரீல் ஆசையை உண்டாக்கும். அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பார்த்து முடித்ததும் கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் டெக்கில் இருக்க வேண்டும். நாங்கள் முதலில் செய்த டெக் இருபத்தெட்டுப் பக்கம். அதில் கதைச் சுருக்கம் மட்டுமே ஒன்பது. புதியது பன்னிரண்டு. எல்லாப் பக்கத்தையும் இங்கே விவரிக்கத் தேவையில்லை. முகப்பு, மூன்று முக்கியப் பாத்திரங்கள், தோற்றம், குழு என்பவை எல்லா டெக்கிலும் இருப்பவைதான். எங்கள் தலையெழுத்தை மாற்றியவை இரண்டு பக்கங்கள்: ஒன்று கணக்கு, ஒன்று பணம்.

கணக்கு இதுதான். எங்கள் வெப் சீரிஸின் ஒரு எபிசோடு எட்டு நிமிடம். போனில் பார்க்க அது போதும். ஆனால் டிவியில் எட்டு நிமிடத்துக்கு இடமே கிடையாது, அரைமணி ஸ்லாட்தான். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த முன்னோட்டங்கள். அரைமணிக்கு 6 நிமிடம் போனால் மீதி 24 நிமிடம். எட்டு நிமிட எபிசோடுகள் மூன்று அதில் சரியாக உட்காரும். இரண்டு விளம்பர இடைவெளியும் எபிசோடு முடியும் இடத்திலேயே இயல்பாக வந்துவிடும்.

இது எங்களுக்கு அதிர்ஷ்டம். அதோடு ஒரு அதிர்ச்சியும் வந்தது. சேனல் வாரம் ஒரு முறை போட நினைத்தால் வழக்கமாகப் பேசுவது 13 வாரம், அதாவது மூன்று மாதம். 13 வாரத்துக்கு 39 குட்டி எபிசோடு வேண்டும். நண்பர் கையில் வைத்திருந்தது பன்னிரண்டு. நான்கு வாரத்தில் தீர்ந்துவிடும்! “சீசன் ஒன்றுக்கு 12 எபிசோடு” என்று எங்கள் பழைய டெக்கில் பெருமையாக எழுதியிருந்தோம். இணையத்தில் அது முழு சீசன். டிவிக்காரருக்கு அது ஒரு மாதம்கூடத் தாண்டாத சரக்கு.

நண்பர் இரண்டு வாரம் உட்கார்ந்து 39 ஒரிஜினல்களின் பட்டியல் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி: என்ன காகிதம், யாருடையது, திருப்பிக் கொடுக்கப் போனால் என்ன சிக்கல். பதினெட்டாவதில் தடுமாறினார். அப்போது நான்கு நாள் தாலுகா அலுவலகத்தின் எதிரே போய் உட்கார்ந்தார். வாரிசுச் சான்றிதழ், சிட்டா, முதியோர் பென்ஷன் மனு, கல்யாணப் பதிவு என்று பட்டியல் நிறைந்தது. அந்தப் பட்டியல் அப்படியே டெக்கில் ஒரு பக்கம் ஆனது. நீங்கள் ஒரு யோசனையை வைத்திருந்தால் ரீல் வெட்டும் முன்பே இதைச் செய்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டில் கை நின்றுவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரு நல்ல குறும்படத் தொகுப்பு. அதற்குப் போக வேண்டிய வாசல் வேறு.

அடுத்தது பணப் பக்கம். சிறிய சேனல்கள் பெரும்பாலும் “இவ்வளவு தருகிறோம், எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்வதில்லை. ஸ்லாட் தருவார்கள். அதற்கு நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம், அல்லது விளம்பர நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்களிடம் சொன்னது இரண்டாவது வகை. அரைமணியில் வரும் ஐந்து நிமிட வணிக விளம்பரத்தில் பாதி, அதாவது இரண்டரை நிமிடம் எங்களுக்கு. பத்து விநாடி விளம்பரமாக எண்ணினால் 15. அந்த நேரத்தில் அவர்களுடைய பத்து விநாடி விலை 500 ரூபாய். எல்லாமே விற்றாலும் வாரத்துக்கு 7,500. பதின்மூன்று வாரத்துக்கு 97,500.

எங்கள் செலவோ வேறு கதை. ஒரே கடை என்பதால் நாளைக்கு இரண்டு எபிசோடு எடுக்கலாம். 39க்கு 20 நாள். நாளுக்கு 45,000 வீதம் 9 லட்சம். எடிட்டிங், டப்பிங், இசை சேர்த்து 3 லட்சம். மொத்தம் 12 லட்சம். விளம்பரப் பங்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த எண்களைப் பார்த்து நண்பர் மனம் உடைந்துபோனார். ஆனால் டெக்கில் இதை மறைக்காமல் எழுதியதுதான் பேச்சை முன்னே நகர்த்தியது. அந்தப் பக்கத்தில் நாங்கள் கேட்டது இது: சேனலுக்கு ஓராண்டுக்கான டிவி ஒளிபரப்பு உரிமை மட்டும். இணைய உரிமை எங்களுடையது. டிவியில் வந்த ஏழு நாள் கழித்து எங்கள் யூடியூபில் போடுவோம். டைட்டில் ஸ்பான்சரை நாங்களும் தேடுவோம், நீங்களும் தேடுங்கள். அவருக்கு டிவியிலும் இணையத்திலும் சேர்த்துப் பெயர் வரும். யார் கொண்டு வந்தாலும் அந்தப் பணம் முதலில் தயாரிப்புச் செலவுக்குப் போக வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனரிக் கடை, ஜவுளிக்கடை, கணினிப் பயிற்சி மையம் என்று யாரைக் கேட்கலாம் என்பதையும் எழுதினோம். ஜெராக்ஸ் கடையின் சுவரில் ஒரு காலண்டர் தொங்குவது இயல்புதானே. அதில் அவர்கள் பெயர் இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

இணைய உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் தொடர் எங்கள் கையை விட்டே போயிருக்கும். சில ஒப்பந்தங்களில் ‘எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்’ என்று ஒரு வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் நேரத்தில் கழுத்தை அறுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் டெக் செய்கிறவர்கள் அதைப் பவர்பாயிண்ட் கோப்பாகவே கொடுக்கக் கூடாது. நம் கணினியில் இருக்கும் எழுத்துரு அவர்கள் கணினியில் இருக்காது, கொம்பும் காலும் சிதறிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

‘கதையைத் திருடிவிட மாட்டார்களா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான பயம். வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, அதை விரித்து எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. ‘ஜெராக்ஸ் கடையில் நடக்கும் கதை’ என்பதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாத்திரங்கள், 39 வரிகள், முதல் எபிசோடின் திரைக்கதை என்று விரித்து எழுதிவிட்டால் நிலைமை மாறுகிறது. மும்பையில் ‘கன்னையா’ என்ற தொடர் யோசனையை ஒரு தயாரிப்பு நிறுவனம் ஜீ டெலிஃபிலிம்ஸிடம் விரிவாக எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு அது வழக்கானபோது, நம்பிக்கையின்பேரில் பகிர்ந்த கருத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற அடிப்படையில் 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் யோசனை கொடுத்தவர்கள் பக்கம் நின்றது. எதை, எப்போது, யாருக்குக் கொடுத்தோம் என்பதற்கு எழுத்துச் சான்று இருப்பது இதனால்தான் முக்கியம். நாங்கள் திரைக்கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்தோம். சந்திப்புக்கு முந்தைய நாள் டெக்கைப் பொறுப்பாளரின் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். அதன் முதல் பக்கத்தின் அடியில், இது அவர்களின் பரிசீலனைக்கு மட்டும் என்று ஒரு வரி இருந்தது. முழுத் திரைக்கதையைக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இரண்டாவது சந்திப்பு இருபது நிமிடம் நடந்தது. ரீலை இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டாவது தடவை விளம்பரப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பொறுப்பாளர் 39 பட்டியலில் விரலை வைத்து நடுவிலிருந்து ஒன்றைக் காட்டி, “இந்த அடகு ரசீது என்ன கதை, சொல்லுங்க” என்றார். நண்பர் சொன்னார். இன்னொன்றைக் காட்டினார். அதையும் சொன்னார். கடைசியாகப் பணப் பக்கத்துக்குப் போய், “ஏழு நாள்னு போட்டிருக்கீங்க, பதினாலு நாளாக்கித் தருவீங்களா?” என்று கேட்டார். ஒப்புக்கொண்டோம்.

பதின்மூன்று வாரம் கிடைக்கவில்லை. கையில் எழுத்து முழுதாக முடிந்திருந்த பன்னிரண்டு எபிசோடுகளை நான்கு வாரத்துக்குச் சோதனையாகப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாள் வாடகை, பூட்டு திறக்கும் சாவி, மெஷினுக்கு வேண்டிய டோனர் எல்லாம் அந்த உறவினரே தருகிறார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து முடிக்கத் திட்டம். இரண்டு ஞாயிறு முடிந்துவிட்டது. நான்கு எபிசோடு என் மேசையில் வெட்டுக்குக் காத்திருக்கிறது.